"என்ன சார், இன்று லீவா?"

2013 ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் கால் கிலோ கடலைப்பருப்பு வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்ன சார், இன்று லீவா?" என்றார். "ஆமாம், லீவுதான்" என்றேன். அது என் லீவின் இருபத்திரண்டாவது நாள்.

ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் பதினேழு வருடம் எழுத்தராக இருந்தேன். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார், யாருக்கு எத்தனை மணி ஓவர்டைம், யார் சொல்லாமல் நின்றுவிட்டார் என்று கார்டு பார்த்துக் கணக்கு எழுதுவதுதான் வேலை. 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எந்த அளவில் இருந்தது என்பது அந்த வருடம் இங்கே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. எங்கள் ஆலையில் முதலில் இரவு ஷிப்டு போனது, பிறகு நூல் நூற்கும் ரிங் பிரேம்களில் பாதி நின்றது, டிசம்பரில் கேட்டைப் பூட்டினார்கள். பிரேம் பார்க்கும் சைடர்கள், நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றும் டாபர்கள் என்று எல்லோருக்கும் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டு, கடைசியாக என் பெயருக்கான தாளையும் நானே எழுதினேன். வயது அப்போது நாற்பத்தொன்று.

மளிகைக் கடைக்காரர் கெட்டவர் கிடையாது. என்னைக் குத்திக் காட்டவும் இல்லை. அவருக்கு விஷயமே தெரியாது. ஆனால் மறுநாளிலிருந்து இருட்டிய பிறகுதான் கடைக்குப் போனேன். ஒரு மாதத்துக்குள் எந்தத் தெருவில் யார் எந்த நேரத்தில் வாசலில் நிற்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்தவர் வருகை நேரத்தைக் கணக்கு எழுதிய பழக்கம் அதற்குத்தான் உதவியது.

வேலையில்லாமல் இருந்த அந்த ஏழு மாதத்தில் நான் கவனித்தது ஒன்று உண்டு. நம் ஊரில் ஒருவரை எதிரே பார்த்தால் "வணக்கம்" சொல்பவர்கள் குறைவு. மேடையிலும் அலுவலகத்திலும் சொல்வோம். தெருவில் நாம் கேள்விதான் கேட்போம். "சாப்பாடு ஆயிற்றா?" "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" "என்ன இந்தப் பக்கம்?" "வேலைக்குப் போகவில்லையா?" பதிலை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை. "இதோ இப்படி" என்று கையைக் காட்டினாலே போதும், நலம் விசாரித்ததாகிவிடும். ஆனால் வேலை போனவனுக்கு இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் நிஜக் கேள்வி ஆகிவிடுகின்றன. "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்றால் அவன் எங்கும் கிளம்பவில்லை. "வேலைக்குப் போகவில்லையா?" என்றால் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பருப்புக்குக் காத்து நிற்கும் நாலு பேர் முன்னால் தன் கதையைத் திறக்க வேண்டும். கேட்டவரோ அதற்குள் அடுத்த ஆளுக்குச் சர்க்கரை நிறுக்கப் போயிருப்பார்.

விஷயம் தெரிந்தவர்கள் வேறு விதம். முதலில் வருவது உச்சுக் கொட்டல். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற அந்த "த்சு" சத்தத்தை நான் அதற்கு முன் இழவு வீடுகளில்தான் இவ்வளவு நெருக்கத்தில் கேட்டிருக்கிறேன். அப்புறம் குரல் இறங்கும். நன்றாகச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர் என்னிடம் வந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோலப் பேசுவார். தலை கொஞ்சம் சாயும். "உங்களுக்குப் போய் இப்படி ஆகிவிட்டதே" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்வேன். "பரவாயில்லை சார், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அவரைத் தேற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வருவேன். ஒரு நாளைக்கு மூன்று பேரைத் தேற்றினால் இரவில் வீட்டாரிடம் பேசத் தெம்பிருக்காது.

அதைவிட மோசமானது "சொல்லி வைக்கிறேன்" என்பது. "எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், சொல்லி வைக்கிறேன்." அந்த வார்த்தையை என்னிடம் பதினான்கு பேர் சொன்னார்கள். டைம் ஆபீஸ் புத்தி, எண்ணி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் உண்மையிலேயே யாரிடமோ சொன்னார்கள். மற்ற பன்னிரண்டு பேரும் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன். பேச்சை முடித்துக்கொண்டு கிளம்ப அவர்களுக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் அவர்களை மறுபடி தெருவில் பார்க்கும்போது அவர்களே பாதை மாறிப் போனார்கள். என்னிடமிருந்து ஒளிந்துகொள்ள அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஒழுங்காக முகமன் சொன்னவர் ஒரே ஒருவர். எங்கள் தெரு வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர்.

இப்போது யோசித்தால், எங்கள் தெருவில் யாருக்கு வேலை போனாலும் முதலில் தெரிவது அவருக்காகத்தான் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஆறு சட்டை, ஆறு பேண்ட் என்று போய்க்கொண்டிருந்த வீட்டிலிருந்து திடீரென்று பிள்ளையின் பள்ளிச் சீருடை மட்டும் வந்தால் அவருக்குப் புரியாதா? மூன்று வாரம் கழித்து நானே சீருடையை எடுத்துக்கொண்டு போனேன். மனைவியை அனுப்பியிருக்கலாம். அன்று ஏனோ நானே போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "வாருங்கள் சார். கரி இப்போதுதான் பிடித்திருக்கிறது, ஐந்து நிமிடம் ஆகும்" என்றார். வண்டிக்குக் கீழே கிடந்த முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். பிறகு என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து விசிறினார், பொறி பறந்தது, மூடினார், ஈரத்துணியில் ஒரு தேய் தேய்த்துச் சூடு பார்த்தார், யாருடைய புடவையையோ விரித்தார்.

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை என்பதை மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். அவர் ஒரு செய்தி சொன்னார்: கரி இப்போதுதான் பிடித்திருக்கிறது. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் அங்கே உட்கார ஒரு காரணம் கொடுத்தார்: ஐந்து நிமிடம் ஆகும். உட்கார இடம் கொடுத்தார். தன் கையில் வேலையை வைத்துக்கொண்டார், அதனால் என் முகத்தை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மூன்று புடவை முடிந்த பிறகு நானாகச் சொன்னேன், "ஆலையை மூடிவிட்டார்கள்" என்று. அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எப்போது சார்?" என்றார். தேதியைச் சொன்னேன். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

பத்து வருடம் கழித்து அந்த முக்காலியை நான் தள்ள வேண்டியிருந்தது. முதல் தடவை தள்ளத் தெரியாமல் சொதப்பினேன். அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2023 பிப்ரவரி. எதிர் வீட்டுத் தம்பி, பெங்களூரில் பதினோரு வருடமாக ஒரே மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவன், ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஊருக்கு வந்தான். அந்தக் குளிர்காலத்தில் பல நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தது எல்லோரும் பத்திரிகையில் படித்ததுதான். அவன் அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன், அதனால் அவனுக்கு நான் மாமா. சனிக்கிழமை காலை அக்கா என் மனைவியிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மனைவி என்னிடம் சொன்னாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை பால் பாக்கெட் வாங்கப் போனேன். அவன் வாசலில் நின்றான். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "வா கண்ணு, எத்தனை நாள் லீவு?"

பழக்க தோஷம். அவன் ஒரு கணம் நின்றான். "இரண்டு வாரம் மாமா" என்றான். நான் தலையாட்டிவிட்டு நடந்தேன். கையில் பால் பாக்கெட் சில்லென்றிருந்தது நினைவிருக்கிறது. எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. அவன் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். இனி அவன் அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு வாரம் முடிந்ததும் வேறொன்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியத்தில் அவனை நான் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

அவன் அண்ணா பூங்கா, தட்டுவடை செட் என்று சுற்ற வந்தவன் மாதிரி சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளியே தெரிந்தான். திங்கட்கிழமை காணோம். இதுவும் எனக்குப் பழைய பாடம். ஞாயிற்றுக்கிழமை தெருவில் எல்லா ஆண்களும் வீட்டில் இருப்பார்கள், அவனும் அதில் ஒருவன். திங்கள் காலை பத்து மணிக்கு மேல், பைக்குகள் எல்லாம் போன பிறகு, தெருவில் மிஞ்சுவது முதியவர்கள், பெண்கள், அவன். அந்த நேரம்தான் கனமானது. அதனால் நானும் அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். நான் இப்போது ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன், மதியத்துக்கு மேல் போனால் போதும்.

செவ்வாய்க்கிழமை பத்தேகால் மணி. அவர்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே போகாமல், "கண்ணு, மூக்கனேரிக் கரைக்கு நடக்கப் போகிறேன். இரண்டு நிமிடம் நிற்பேன், வந்தால் வா. இல்லையென்றால் நாளைக்கும் இதே நேரம்தான்" என்றேன். இதை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முந்தின நாள் நான் வைத்திருந்த வாக்கியம் "வருகிறாயா?" என்று முடிந்தது. அதை வெட்டினேன். "வருகிறாயா?" என்று கேட்டால் அவன் "இல்லை மாமா, வேலை இருக்கிறது" என்று சொல்ல வேண்டிவரும். "நாளைக்கும் இதே நேரம்தான்" என்று சேர்த்தது மனைவி. அவன் இன்று வராவிட்டால் அது மறுப்பாகிவிடக் கூடாது என்றாள். உள்ளே போகாதது, அக்கா என்னைப் பார்த்தால் அவன் முன்னாலேயே அழுதுவிடுவார் என்பதால்.

அவன் வந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, ஷேவ் செய்யாத முகத்தோடு.

நடப்பது ஏன் நல்லது என்றால், இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்கிறோம். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மௌனம் வந்ததும் இரண்டு பேருக்கும் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாது. நடக்கும்போது மௌனம் வெறும் நடையாகிவிடுகிறது. மூக்கனேரி அதற்கு வசதியான இடம். ஏரிக்குள்ளே மண் குவித்து மரம் வைத்த சின்னச் சின்னத் திட்டுகள், அவற்றில் பறவைகள், வடக்கே சேர்வராயன் மலை. கண்ணுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

கரையேறியதும் ஒரு காரியத்தை உடனே முடித்துவிட்டேன். "கண்ணு, அம்மா எங்கள் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும். தெரிந்தும் லீவா என்று கேட்டுவிட்டேன், வாய்ப்பழக்கம். அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றில்லை." அவ்வளவுதான். "கேள்விப்பட்டேன்" என்பதை ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில், பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. தெரியாததுபோல நடிப்பதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது பெருந்தன்மை கிடையாது. இவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று அவன் நம் முகத்தைத் துருவிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். யாரிடமிருந்து கேள்விப்பட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், ஊரெல்லாம் பேசுகிறார்களோ என்கிற பயம் குறைகிறது.

பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். எளிதாகச் சொல்லிவிட்டேன், ஆனால் அது சித்திரவதை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன். பதினோரு நிமிடம் அவன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பதினோரு நிமிடத்தில் என் நாக்கு நுனி வரை வந்து திரும்பியவை: "உன் படிப்புக்கு என்ன கவலை?", "எல்லாம் நல்லதுக்குத்தான்", அப்புறம் என் சொந்த ஆலைக் கதை. கடைசியதுதான் அதிகம் துருத்தியது. நானும் இதையெல்லாம் பட்டவன்தான் என்று சொன்னால் அவனுக்குத் துணையாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் நான் ஆரம்பித்தால் மின்வெட்டு, கேட், கடைசித் தாள் என்று அரை மணி நேரம் ஓடும். அவன் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டு வருவான். வேலை போனவன் என் கதைக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிடும். அன்று அதைச் சொல்லவில்லை. அவனுக்கு அது ஓரளவு தெரிந்ததுதான், வேண்டுமென்றால் அவனே கேட்பான்.

பன்னிரண்டாவது நிமிடமோ என்னவோ, ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்ததைக் காட்டி, "இது ஏன் மாமா இப்படியே நிற்கிறது?" என்றான். முழுகி மீன் பிடிக்கும், சிறகு நனைந்துவிடும், காய வைக்கிறது என்றேன். இன்னும் கொஞ்ச தூரம். அப்புறம் அவன், "ஏழு நிமிடம் மாமா" என்றான்.

எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. இந்த இடத்தில்தான் எல்லோரும் ஒரு தப்புச் செய்கிறோம். "என்ன ஏழு நிமிடம்? யார் சொன்னார்கள்? ஏன்?" என்று மூன்று கேள்வியை அடுக்கிவிடுகிறோம். கதவை லேசாகத் திறந்தவனை முட்டித் தள்ளி உள்ளே போவது மாதிரி. நான் அவன் வார்த்தையையே திருப்பிச் சொன்னேன். "ஏழு நிமிடமா?"

"பதினோரு வருடம் மாமா. வீடியோ அழைப்பு ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அழைப்பு முடிவதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது."

அதன் பிறகு முக்கால் மணி நேரம் அவன்தான் பேசினான். மேலாளரின் குரலில் இரக்கம் இருந்ததுதான் தாங்கவில்லை என்றான். கூட வேலை பார்த்தவர்களின் எண்கள் எல்லாம் பூட்டிய லேப்டாப்பில் போய்விட்டன என்றான். வாடகை முன்பணம், மனைவியின் வேலை, பிள்ளைக்கு ஜூனில் பள்ளிச் சேர்க்கை என்று போனது. நான் பேசியதெல்லாம் சேர்த்தால் இருபது வார்த்தை தேறாது.

கடைசியில் அவனே கேட்டான். "மாமா, நீங்கள் கணக்கு எழுதியவர்தானே, ராஜினாமா என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கிராஜுவிட்டி வருமா?" அவன் கேட்டுவிட்டான், இப்போது பதில் சொல்லலாம். ராஜினாமா செய்திருந்தாலும் ஐந்து வருடச் சேவை முடிந்தவருக்கு கிராஜுவிட்டி உண்டு என்றேன். அப்போது நடப்பில் இருந்த 1972 சட்டப்படி கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். அவனுக்குப் பஞ்சப்படி கிடையாது, அடிப்படை 52,000. ஒரு நாளுக்கு 2,000, பதினைந்து நாளுக்கு 30,000, பதினோரு வருடத்துக்கு 3,30,000. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். கரையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து மண்ணிலேயே எழுதிக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்து, வகுத்தலை மனதுக்குள் ஒரு தடவை சரிபார்த்தான். அன்று முதல் தடவையாக அவன் முகத்தில் பழைய ஆள் தெரிந்தான்.

இதையே ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று, அவன் கேட்காமல் நானாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "செட்டில்மெண்ட் எவ்வளவு வந்தது?" என்று துருவுகிற உறவினர் வரிசையில் நானும் சேர்ந்திருப்பேன். தகவல் அதேதான்.

திரும்பும் வழியில் டீக்கடை. என் கை சட்டைப்பைக்குப் போனது. அவன் கையும் போனது. நான் என் கையை எடுத்துவிட்டேன். இரண்டு டீ, இருபத்து நான்கு ரூபாய், அவன் கொடுத்தான். இதை ஒரு பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. வேலை போன பிறகு என்னை யாருமே டீக்குக் காசு கொடுக்க விடவில்லை என்பது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

கல்யாண வீடு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அங்கேதான் இது அதிகம் சிக்கலாகிறது. நாம் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது பெயருக்கு அடுத்த சொல்லே வேலைதான். "இவர் இன்ன கம்பெனியில் இருக்கிறார்." அடுத்த மாதம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் என் சம்பந்தி முறை ஆள் ஒருவர், இவனைக் காட்டி "தம்பி எங்கே இருக்கிறார்?" என்று என்னிடம் கேட்டார். "எதிர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதிலிருந்தே எனக்குச் சைக்கிளுக்குப் பஞ்சர் பார்த்துக் கொடுப்பான், கை வேலை சுத்தம்" என்றேன். பேச்சு சைக்கிளுக்குப் போனது. விஷயம் தெரிந்திருந்தாலும் மூன்றாவது ஆள் பக்கத்தில் இருந்தால் அதை நாம் எடுக்கவே கூடாது. "இப்போது பரவாயில்லையா?" என்று மறைமுகமாகக் கேட்பதும் கூடாது. மூன்றாவது ஆள் உடனே "ஏன், என்ன ஆயிற்று?" என்பார்.

தொலைவில் இருப்பவருக்குச் செய்தி அனுப்புவதென்றால் நான் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. "விஷயம் தெரிந்தது. உன் நினைவாக இருக்கிறேன். பதில் போட வேண்டியதில்லை, வியாழக்கிழமை மாலை கூப்பிடுகிறேன், எடுக்கத் தோன்றினால் எடு." அழுகிற முகப் பொம்மைகள் வேண்டாம். வியாழக்கிழமை என்று சொன்னால் வியாழக்கிழமை கூப்பிட வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு முறை. முதல் வாரத்தில் அழைப்புகள் குவியும், ஆறாவது வாரத்தில் ஒன்றும் வராது. எனக்கு அந்த ஆறாவது வாரம்தான் கிணறு மாதிரி இருந்தது.

ஒருவர் பேச ஆரம்பித்து, "இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், இந்த இடம் விடுவது, மௌனம் காப்பது எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். அவரைத் தனியாக விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். 104 என்ற மாநில உதவி எண்ணிலும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, என் முறை தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும்.

எங்கள் பட்டறைக்குச் சிவதாபுரத்திலிருந்து ஒருவர் பற்றவைப்பு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். என் வயதுதான். மாதச் சம்பளம் கிடையாது, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனபோது ஆர்டர் சுருங்கியது. முதலாளி மூன்று பேரை "சொல்லி அனுப்புகிறேன்" என்று நிறுத்திவைத்தார், அதில் இவரும் ஒருவர். நான் அவரை இரண்டு முறை செவ்வாய்ப்பேட்டையில் பார்த்தேன். இரண்டு முறையும் என் பாடத்தை ஒப்பித்தேன். வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. "வாருங்கள், வெயில் கொளுத்துகிறது, இந்த நிழலில் நில்லுங்கள்" என்றேன். இடம் விட்டேன். அவரும் நின்றார், மோர் குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், போய்விட்டார்.

மூன்றாவது முறை அவர் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார். பட்டறையில் இன்னொருவர் சொன்னார்: "கணக்குப்பிள்ளைக்குத் தெரியாதா எனக்கு வேலை இல்லை என்று? ஒரு வார்த்தை கேட்டாரா?" என்று வருத்தப்பட்டாராம்.

எனக்குச் சுருக்கென்றது. மாதச் சம்பளக்காரனுக்கு வேலை போவது மானம் சம்பந்தப்பட்டது, அவன் அதை மறைக்கப் பார்க்கிறான். கூலிக்காரருக்கு வேலை நிற்பது அவருடைய குற்றம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வேலை இருக்கிறதா, இல்லையா என்பது அவர்கள் தினமும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதுதான். அவரிடம் அதைக் கேட்காமல் வெயிலைப் பற்றிப் பேசினால் அது நாசூக்காகப் படாது. பட்டறை ஆள், முதலாளி பக்கத்து ஆள், கழற்றிக்கொள்கிறான் என்றுதான் படும். இஸ்திரிக்காரர் எனக்குச் செய்ததை நான் அப்படியே எடுத்து இன்னொருவர்மேல் வைத்துவிட்டேன். முக்காலி தள்ளுவது சரி, யாருக்குத் தள்ளுகிறோம் என்று பார்த்தேனா?

ஞாயிற்றுக்கிழமை சிவதாபுரத்துக்குப் போனேன். அவர் வீட்டுத் திண்ணையில் பேரப்பிள்ளைக்குப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தார். உட்காரும் முன்பே கேட்டேன். "வேலை எப்படி, வேறு எங்காவது கிடைத்ததா?"

பசை விரலை வேட்டியில் துடைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போதுதான் கேட்க வழி தெரிந்ததா சார்?" என்றார். உள்ளே திரும்பி, தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். திண்ணையில் கிடந்த பட்டக் காகிதங்களை ஓரமாக நகர்த்தினார். "உட்காருங்கள். தை மாதம் கடைசி வாரம், மாலை ஆறு மணி இருக்கும், முதலாளி கூப்பிட்டார்..." என்று ஆரம்பித்தார்.